முகநூல் பக்கங்களில் தானாகப் பதிவிடும் செயலிக்கு அனுமதி பெறுதல்: மெட்டாவின் மீளாய்வாளர் எதைப் பார்க்கிறார்?

கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்தின் கீழ் பயிர் செய்யும் கமக்காரர் அமைப்புகளுக்காக ஒருவர் சிறிய செயலியொன்றை எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அமைப்பின் செயலாளர் தமது கைபேசியில் ஒரு படிவத்தைத் திறந்து, எந்த வாய்க்காலுக்கு எந்த நாளில் தண்ணீர் திறக்கப்படுகிறது, இன்றைய நெல் கொள்வனவு விலை என்ன என்ற விபரங்களை நிரப்புகிறார். மாலை ஆறு மணிக்குச் செயலி அவற்றை ஒரு பதிவாக்கி, அந்த அமைப்பின் முகநூல் பக்கத்தில் இடுகிறது. நிரல் என்ற அளவில் இது ஓரிரு நாள் வேலைதான். ஆனால் இதே செயலியைப் பரந்தனில் உள்ள இன்னோர் அமைப்பும் முழங்காவிலில் உள்ள வேறோர் அமைப்பும் பயன்படுத்த விரும்பும்போது மெட்டா நிறுவனத்தின் அனுமதி தேவைப்படுகிறது. பலர் சிக்கிக்கொள்வது இந்தக் கட்டத்தில்தான். இக்கட்டுரை அந்த விண்ணப்பத்தை மட்டும் விளக்குகிறது.

அனுமதி உண்மையிலேயே தேவையா?

மெட்டா தரும் அணுகலில் இரண்டு படிகள் உள்ளன. முதற்படி Standard Access எனப்படும். செயலியின் நிருவாகி, உருவாக்குநர், சோதனையாளர் ஆகிய பொறுப்புகளில் பெயர் சேர்க்கப்பட்டவர்களின் பக்கங்களில் மட்டும் அதைக் கொண்டு வேலை செய்யலாம். இதற்கு மீளாய்வு எதுவும் இல்லை. இரண்டாவது படி Advanced Access எனப்படும். உங்களுக்கு முன்பின் தெரியாத ஒருவரும் உங்கள் செயலியில் நுழைந்து தமது பக்கத்தை இணைக்க வேண்டுமானால் இந்தப் படி தேவை. மீளாய்வு இதற்கு மட்டுமே நடக்கிறது.

ஆகவே செயலி உங்கள் சொந்த அமைப்பின் பக்கத்துக்கும் அயலில் உள்ள ஓரிரு பக்கங்களுக்கும் மட்டும் என்றால், அந்தச் செயலாளர்களைச் சோதனையாளர்களாகச் சேர்த்துவிட்டு மீளாய்வின் பக்கமே போகாமல் இருப்பது நல்லது என்பது என் கருத்து. பலர் தேவையில்லாமல் விண்ணப்பித்து, நிராகரிக்கப்பட்டு, வாரக்கணக்கில் அலைகிறார்கள். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: செயலி Development நிலையில் இருக்கும்போது அது இடும் பதிவுகள், செயலியில் பொறுப்புள்ளவர்களின் கண்ணுக்கு மட்டுமே தெரியும். உங்கள் திரையில் பதிவு அழகாக நிற்கும், ஊரில் வேறு யாருக்கும் தெரியாது. பதிவு போய்ச் சேரவில்லை என்று கமக்காரர்கள் சொல்ல, உங்களுக்கோ எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றினால், முதலில் பார்க்க வேண்டியது இந்த நிலையைத்தான். செயலியை Live நிலைக்கு மாற்றினால் சரியாகிவிடும். அதற்குத் தனியுரிமைக் கொள்கைப் பக்கமொன்றின் முகவரியைக் கொடுத்திருக்க வேண்டும்.

பல அமைப்புகள் சேரும், செயலாளர்கள் அடிக்கடி மாறுவார்கள், ஒவ்வொருவரையும் கையால் சேர்க்க முடியாது என்ற நிலை வந்தால் விண்ணப்பியுங்கள்.

எத்தனை அனுமதிகளைக் கேட்பது?

`developers.facebook.com` தளத்தில் உங்கள் முகநூல் கணக்கால் நுழைந்து, தொலைபேசி இலக்கத்தை உறுதிசெய்து, புதிய செயலியை உருவாக்குவதில் சிரமம் எதுவும் இல்லை. செயலியின் இரகசியச் சாவியை மட்டும் கைபேசிச் செயலிக்குள்ளோ பொதுவில் கிடக்கும் நிரற் களஞ்சியத்திலோ வைக்காதீர்கள்.

சிந்திக்க வேண்டிய இடம் அடுத்தது. நமது செயலி பதிவிடுவதை மட்டுமே செய்கிறது. அதற்குரிய அனுமதி `pages_manage_posts`. ஆனால் இந்த அனுமதி தனித்து இயங்காது. செயலாளர் எந்தெந்தப் பக்கங்களை நிருவகிக்கிறார் என்பதைக் காட்டும் `pages_show_list` என்பதும், பக்கத்தில் உள்ள பதிவுகளை வாசிக்கும் `pages_read_engagement` என்பதும் அதனுடன் சேர்ந்தே வர வேண்டும். ஆக மூன்று அனுமதிகள், அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

புதியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் வழுக்குகிறார்கள். பின்னர் கருத்துகளுக்குத் தானாகப் பதில் சொல்லும் வசதியும் செய்யலாமே, மெசஞ்சரில் விலை கேட்பவருக்கு உடனே பதில் அனுப்பலாமே என்று எண்ணி, `pages_manage_engagement`, `pages_messaging` ஆகியவற்றையும் சேர்த்துக் கேட்டுவிடுகிறார்கள். ஒவ்வோர் அனுமதியும் தனித்தனியாகப் பரிசீலிக்கப்படுகிறது. இன்று செயலியில் இல்லாத வசதிக்கான அனுமதியை, விண்ணப்பத்துடன் அனுப்ப வேண்டிய காணொளியில் காட்ட முடியாது, காட்ட முடியாதது கிடைக்காது. மெசஞ்சருக்கோ தனி விதிகளே உண்டு: ஒருவர் கடைசியாக உங்களுக்கு எழுதியதிலிருந்து 24 மணி நேரத்துக்குள்தான் பொதுவாக அவருக்குப் பதில் அனுப்பலாம். அந்த வசதியை எழுதி முடித்த பிறகு அதற்கெனத் தனியாக விண்ணப்பிக்கலாம்.

விண்ணப்பிக்க முன்னர் ஒவ்வோர் அனுமதியையும் குறைந்தது ஒரு தடவையாவது வெற்றிகரமாகப் பயன்படுத்தியிருக்க வேண்டும், அதுவும் விண்ணப்பத்துக்கு முந்திய 30 நாட்களுக்குள். உங்கள் சொந்தப் பக்கத்தில் இதைச் செய்துவிடலாம்:

```
curl -G "https://graph.facebook.com/me/accounts" \
  -d "access_token=USER_TOKEN"

curl -X POST "https://graph.facebook.com/PAGE_ID/feed" \
  --data-urlencode "message=வலதுகரை வாய்க்கால்: நாளை தண்ணீர்" \
  -d "access_token=PAGE_TOKEN"

curl -G "https://graph.facebook.com/PAGE_ID/posts" \
  -d "access_token=PAGE_TOKEN"
```

முதலாவது கட்டளை நீங்கள் நிருவகிக்கும் பக்கங்களின் பட்டியலையும் ஒவ்வொரு பக்கத்துக்கும் உரிய டோக்கனையும் தருகிறது. இரண்டாவது பதிவிடுகிறது, மூன்றாவது பதிவைத் திரும்ப வாசிக்கிறது. இந்த அழைப்புகள் மெட்டாவின் கணக்கில் ஏற ஒரு நாள் வரை ஆகலாம். ஆகையால் விண்ணப்பப் பொத்தான் உடனே இயங்கவில்லை என்று பதறி, செயலியை அழித்துப் புதிதாகத் தொடங்க வேண்டாம்.

நிறுவனத்தை உறுதிப்படுத்துதல்

Advanced Access பெறுவதற்கு, செயலி உறுதிப்படுத்தப்பட்ட ஒரு நிறுவனக் கணக்குடன் இணைந்திருக்க வேண்டும். தனியாள் ஒருவர் இதைக் கண்டு மனம் தளரத் தேவையில்லை. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவு செய்து பெறும் சான்றிதழைக் கொண்டு விண்ணப்பிக்கலாம். ஆனால் பெயரும் முகவரியும் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும் என்பதில் மெட்டா கண்டிப்பாக இருக்கிறது, நம் ஊர்களில் தடங்கல் வருவதும் இதனால்தான்.

வியாபாரப் பெயர் சான்றிதழில் ஒரு விதமாகவும், வங்கிக் கூற்றில் வேறு விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும். மின்சாரப் பட்டியல் தகப்பனாரின் பெயரிலோ வீட்டு உரிமையாளரின் பெயரிலோ இருக்கும். மீள்குடியேறிய பகுதிகளில் வீட்டிலக்கம் இல்லாத முகவரிகளும் உண்டு. ஆகவே முதலில் ஓர் ஆவணத்தைத் தெரிவு செய்யுங்கள். பெரும்பாலும் அது வியாபாரப் பெயர்ச் சான்றிதழாக இருக்கட்டும். அதில் உள்ளபடியே பெயரையும் முகவரியையும் நிறுவனக் கணக்கிலும் உங்கள் இணையத்தளத்தின் அடியிலும் இடுங்கள். சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் ஆங்கில மொழிபெயர்ப்பைப் பெற்றுச் சேர்த்து அனுப்புவது பாதுகாப்பானது. அந்த மொழிபெயர்ப்பில் உள்ள எழுத்துக்கூட்டலையே மற்ற எல்லா இடங்களிலும் பின்பற்றுங்கள். உறுதிப்படுத்தும் எண் வருவதற்கு, நிறுவனத்தின் இணையத்தளப் பெயரிலேயே ஒரு மின்னஞ்சல் முகவரி இருந்தால் வேலை சுலபமாகும்.

மற்றவர்களின் பக்கங்களைக் கையாளும் செயலி என்பதால், நீங்கள் அந்த அமைப்புகளுக்கு என்ன சேவை வழங்குகிறீர்கள் என்று விளக்கும் இன்னொரு படிவமும் கேட்கப்படலாம். அதில் இரண்டு மூன்று தெளிவான வாக்கியங்கள் போதும்.

மீளாய்வாளர் காணும் செயலி

மீளாய்வாளர் உங்கள் நிரலை வாசிப்பதில்லை. அவர் முன் இருப்பவை மூன்று: நீங்கள் எழுதிய விளக்கம், நீங்கள் அனுப்பிய காணொளி, உங்கள் செயலிக்குள் அவரே நுழைந்து பார்க்கும் வாய்ப்பு. அவர் இலங்கையில் இருக்கமாட்டார், தமிழும் தெரிந்திருக்கமாட்டார் என்று எண்ணியே எல்லாவற்றையும் ஆயத்தம் செய்ய வேண்டும்.

நுழையும் வழியை முதலில் சரிபாருங்கள். உங்கள் செயலியில் கணக்குத் திறப்பதற்கு 07 என்று தொடங்கும் உள்ளூர்க் கைபேசி இலக்கத்துக்கு ஓ.டி.பி. குறுஞ்செய்தி அனுப்பும் முறை இருந்தால், மீளாய்வாளரால் உள்ளே வர முடியாது. விண்ணப்பம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். அவருக்கென ஒரு பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் ஆயத்தம் செய்து, அந்தக் கணக்குக்கு மட்டும் ஓ.டி.பி. இல்லாமல் நுழையும்படி அமைத்து, விபரத்தை விண்ணப்பத்தின் குறிப்பில் எழுதுங்கள். உங்கள் சொந்த முகநூல் கடவுச்சொல்லை ஒருபோதும் கொடுக்க வேண்டாம். மீளாய்வாளர்கள் தமது சோதனைக் கணக்குகளையே பயன்படுத்துவார்கள். செயலி உங்கள் மடிக்கணினியில் மட்டும் ஓடுகிறது என்றாலோ, பயன்பாடு இல்லாதபோது உறங்கிவிடும் இலவச சேர்வரில் இருக்கிறது என்றாலோ, அவர் திறக்கும் நேரத்தில் வெற்றுத் திரையே தெரியும். மீளாய்வு முடியும் வரையிலாவது நிலையான இடத்துக்கு மாற்றுங்கள். முகநூலிலிருந்து திரும்பி வரும் முகவரி `https` எனத் தொடங்கி, செயலியின் அமைப்புகளில் நீங்கள் பதிந்த முகவரியுடன் ஒரு சாய்கோடுகூட மாறாமல் ஒத்திருக்க வேண்டும்.

தனியுரிமைக் கொள்கைப் பக்கமும் கடவுச்சொல் இல்லாமல் எந்த நாட்டிலிருந்தும் திறக்க வேண்டும். வேறெங்கோ இருந்து பிரதி செய்த பொதுவான கொள்கை உதவாது. எங்கள் உதாரணத்தில், செயலாளரின் பெயர், அவர் இணைத்த பக்கத்தின் அடையாள இலக்கம், அதற்குரிய டோக்கன் ஆகியவற்றைச் சேமிக்கிறோம், பதிவிடுவதற்கு மட்டும் பயன்படுத்துகிறோம், யாருக்கும் கொடுப்பதில்லை என்று அதில் எழுதியிருக்க வேண்டும். தரவை அழிக்கும்படி யாரிடம், எப்படிக் கேட்பது என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். தரவைக் கையாளுவது பற்றிய கேள்விக்கொத்தில், தரவு எந்த நிறுவனத்தின் சேர்வரில் இருக்கிறது, அதற்குப் பொறுப்பாளர் யார், அரச அமைப்புகள் கேட்டுத் தரவு கொடுத்திருக்கிறீர்களா என்ற கேள்விகள் வரும். கொள்கைப் பக்கத்தில் எழுதியதற்கு முரணாக இங்கே எதையும் எழுதிவிடக் கூடாது.

காணொளி

விண்ணப்பத்தின் தலைவிதி பெரும்பாலும் காணொளியில் முடிவாகிறது. ஆகவே இதற்கு ஒரு முழு மாலையை ஒதுக்கினாலும் தகும்.

செயலியின் பொத்தான்களும் தலைப்புகளும் தமிழில் மட்டும் இருந்தால், பதிவு செய்யும்போது இடைமுகத்தை ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். மாற்ற முடியாவிட்டால் ஒவ்வொரு படியிலும் ஆங்கிலத் துணைவரியை இடுங்கள். பதிவின் உள்ளடக்கம் தமிழில் இருப்பதில் தடை இல்லை. அது தண்ணீர் திறப்பு அறிவித்தல் என்பதைத் துணைவரியில் சொன்னால் போதும்.

காணொளி செயலியிலிருந்து வெளியேறிய நிலையில் தொடங்க வேண்டும். செயலாளர் முகநூல் வழியாக நுழைகிறார், முகநூல் அனுமதி கேட்கும் திரை தோன்றுகிறது, அவர் பக்கத்தைத் தெரிவு செய்து இணங்குகிறார். இந்தத் திரையைக் காட்டாத காணொளிகள்தான் அதிகமாக நிராகரிக்கப்படுகின்றன, காரணமும் எளியது. சோதனை செய்யும்போது நீங்கள் ஏற்கனவே இணங்கிவிட்டதால், மறுபடி நுழையும்போது முகநூல் அந்தத் திரையை முழுமையாகக் காட்டாமல் தாண்டிவிடுகிறது. பதிவு செய்யத் தொடங்குமுன் உங்கள் முகநூல் கணக்கின் அமைப்புகளில் Business Integrations என்ற பகுதிக்குப் போய், உங்கள் செயலியை அகற்றுங்கள். அதன்பின் திரை முதலிலிருந்து முழுமையாக வரும்.

அடுத்து மூன்று அனுமதிகளும் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிய வேண்டும். செயலாளரின் பக்கங்கள் பட்டியலாக வரும் இடத்தில் `pages_show_list` தெரிகிறது. அவர் படிவத்தை நிரப்பிப் பதிவிட்ட பின், புதிய தாவலில் முகநூல் பக்கத்தைத் திறந்து அந்தப் பதிவைக் காட்டுங்கள். `pages_manage_posts` பயன்படுவதற்கு அதுவே சான்று. செயலிக்குத் திரும்பி, முன்னைய பதிவுகளின் பட்டியலைத் திறந்து, இப்போது இட்ட பதிவு அங்கே வந்திருப்பதைக் காட்டினால் `pages_read_engagement` ஏன் தேவை என்பதும் விளங்கிவிடும். இப்படியொரு பட்டியல் உங்கள் செயலியில் இல்லையென்றால், விண்ணப்பிக்க முன்னர் அதைச் செய்துவிடுங்கள்.

மாலை ஆறு மணிக்குத் தானாகப் பதிவிடுவதைக் காணொளியில் எப்படிக் காட்டுவது என்று கேட்பீர்கள். நேரத்தைச் சில நிமிடங்களுக்குப் பின் வைத்து, காத்திருக்கும் பகுதியை வெட்டி, நேரம் வந்ததும் பதிவு தோன்றுவதைக் காட்டலாம். வெட்டிய இடத்தைத் துணைவரியில் குறிப்பிடுங்கள்.

எழுத்து விளக்கத்தை ஒவ்வோர் அனுமதிக்கும் தனித்தனியாக ஆங்கிலத்தில் எழுத வேண்டும். பதிவிடும் அனுமதிக்கான விளக்கத்தின் சாரம் இப்படி அமையலாம்: "கமக்காரர் அமைப்பின் செயலாளர் தண்ணீர் திறப்பு விபரத்தைப் படிவத்தில் நிரப்பி, முன்பார்வையில் சரிபார்த்து உறுதிசெய்கிறார். அவர் குறித்த நேரத்தில் செயலி அவரது அமைப்பின் பக்கத்தில் அதை இடுகிறது. இந்த அனுமதி இல்லையெனில் செயலியால் பதிவிட முடியாது." எங்கள் செயலி விவசாயத்துக்கு எவ்வளவு உதவுகிறது என்ற பந்திகள் அங்கே வேண்டாம். அவை மீளாய்வாளரின் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்வதில்லை.

தானியங்கி என்பதால் எழும் ஐயங்கள்

தானாக இயங்கும் செயலியைப் பார்க்கும்போது, பக்கத்தின் உரிமையாளர் அறியாமல் ஏதேனும் வெளியாகுமா என்பதே முதல் ஐயமாக இருக்கும். ஆகவே முன்பார்வையும் உறுதிசெய்யும் பொத்தானும், திட்டமிட்ட பதிவை நிறுத்தும் வழியும், பக்கத்தின் இணைப்பைத் துண்டிக்கும் வழியும் செயலியில் இருக்கட்டும். காணொளியின் முடிவில் இவற்றையும் காட்டுங்கள். ஒரே செய்தியைப் பல அமைப்புகளின் பக்கங்களில் ஒரே நொடியில் கொட்டும் வசதி குப்பைப் பதிவுபோலத் தோன்றும். ஒவ்வொரு செயலாளரும் தமது பக்கத்துக்குத் தாமே உறுதிசெய்யும்படி அமைத்தல் நல்லது.

முகநூல் கடவுச்சொல்லை வாங்கி வைத்துக்கொண்டு, உலாவியை நிரலால் இயக்கிப் பதிவிடும் குறுக்குவழியும் சிலரால் பரிந்துரைக்கப்படுகிறது. அது மெட்டாவின் விதிகளுக்கு மாறானது. அதோடு முடங்கப்போவது உங்கள் கணக்கல்ல, செயலாளரின் கணக்கு.

முடிவு வந்த பின்

முடிவு பெரும்பாலும் ஒரு வாரமளவில் வந்துவிடும், சிலவேளை கூடவும் எடுக்கும். நிராகரிப்பாக இருந்தால் ஒவ்வோர் அனுமதிக்கும் தனித்தனிக் காரணம் இருக்கும். "காணொளியில் பயன்பாடு தெரியவில்லை" என்றிருந்தால் காணொளியைத் திருத்துங்கள், நிரலில் கை வைக்காதீர்கள். "உள்ளே நுழைய முடியவில்லை" என்றிருந்தால், வெளிநாட்டில் உள்ள உறவினர் ஒருவரிடம் நீங்கள் எழுதிய அதே குறிப்பை மட்டும் கொடுத்து நுழைந்து பார்க்கச் சொல்லுங்கள். புலம்பெயர்ந்த உறவுகள் இல்லாத வீடு வன்னியில் குறைவு என்பதால் இந்தச் சோதனைக்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. எதையும் மாற்றாமல் திரும்ப அனுப்பினால் அதே பதில்தான் வரும்.

அனுமதி கிடைத்த பின்னும், தரவை முன்னர் சொன்னபடியே பயன்படுத்துகிறீர்கள் என்று ஆண்டுதோறும் உறுதிசெய்யும்படி அறிவித்தல் வரும். அதைத் தவறவிட்டால் அணுகல் நிறுத்தப்படலாம். ஆகவே செயலியின் தொடர்பு மின்னஞ்சல் நீங்கள் நாள்தோறும் பார்ப்பதாக இருக்கட்டும்.

நடைமுறையில் அடிக்கடி வரும் பிரச்சினை வேறொன்று. நீண்டகாலப் பயனர் டோக்கனிலிருந்து பெறும் பக்க டோக்கனுக்குக் காலாவதித் திகதி கிடையாது. ஆனால் அது தந்தவரோடு கட்டுண்டது. செயலாளர் தமது கடவுச்சொல்லை மாற்றினாலோ, பொதுக்கூட்டத்தில் புதியவர் தெரிவாகிப் பழையவர் பக்கத்தின் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டாலோ, அந்த டோக்கன் செத்துவிடும். அடுத்த பதிவுக்கு மெட்டா `"code": 190` என்ற பிழையைத் திருப்பி அனுப்பும், பக்கத்தில் எதுவும் தோன்றாது. அந்த இலக்கத்தைக் கண்டவுடன் திரும்பத் திரும்ப முயலாமல் பதிவை நிறுத்தி, பக்கத்தை மீண்டும் இணைக்கும்படி அமைப்பின் தலைவருக்கும் செயலாளருக்கும் குறுஞ்செய்தி அனுப்பும்படி நிரலை எழுதிவிடுங்கள். தண்ணீர் திறக்கும் நாளுக்கு முதல்நாள் மாலையில் அறிவித்தல் போகவில்லை என்பது அவர்களுக்கு அன்றிரவே தெரிந்தாக வேண்டும்.